காற்றில் காய்ந்த ஸ்லைடு

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் பரிசோதனையில், நோயே இல்லாத பெண்ணுக்கும் ‘சந்தேகம்’ என்று அறிக்கை போய்விடக்கூடும். செல்களைக் கண்ணாடியில் தடவிய பிறகு வீணாகும் சில நொடிகள் அதற்கு ஒரு காரணம். செல்லியல் தொழில்நுட்பம் பயில்பவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள வேண்டிய கோளாறு இது.

அயர் ஸ்பேட்சுலாவைக் கருப்பை வாயில் பொருத்தி, ஒரு முழுச் சுற்று சுழற்றிச் செல்களை எடுக்கிறார்கள். ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பெயரையும் எண்ணையும் முன்பே பென்சிலால் எழுதிவிட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். எடுத்ததை மெல்லியதாகத் தடவி, ஈரம் காயும் முன்பே 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் மூழ்க வைக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் அதிலேயே இருந்தால்தான் செல்களின் வடிவம் குலையாமல் நிலைக்கும்.

அடுத்தது பாபனிகொலாவ் சாயமேற்றல். இதில் ஹிமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். ஓஜி-6, ஈஏ-50 என்ற சாயங்கள் உட்கருவைச் சுற்றியுள்ள பகுதிக்கு நிறம் தரும். முதிர்ந்த மேல்நிலைச் செல்கள் பொதுவாக இளஞ்சிவப்பாகவும், இடைநிலைச் செல்கள் நீலப்பச்சையாகவும் தெரியும். ஆல்கஹாலுக்குப் போகும் முன்பே காய்ந்த செல்லில் இந்த ஒழுங்கு கெடுகிறது. உட்கரு பரந்து வெளிறும், அதன் உள்விவரம் கலங்கும், இடைநிலைச் செல்கூடச் சிவப்பேறும்.

ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் உட்கருக்கள் வழக்கத்தைவிட இரண்டரை மடங்கு பெரிதாக இருக்கின்றன. அளவை மட்டும் பார்த்தால் ‘ஆஸ்கஸ்’, அதாவது உறுதிசெய்ய முடியாத மாற்றம் என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்குள்ள எல்லாச் செல்களும், பக்கத்திலுள்ள வெள்ளணுக்களும்கூட ஒரேபோல உப்பி வெளிறியிருக்கின்றன. உண்மையான மாற்றம் அப்படி ஒட்டுமொத்தமாக வராது. இயல்பான செல்களுக்கு நடுவே சில உட்கருக்கள் மட்டும் பெரிதாகி, கருமையேறி, விளிம்பு கோணலாகியிருக்கும். அன்று சாயமேற்றிய மற்ற ஸ்லைடுகளையும் பார்க்கிறோம். எல்லாவற்றிலும் இதே கோளாறு இருந்தால் சாயத்தைச் சந்தேகிக்கலாம். இது ஒன்றில் மட்டும்தான் என்பதால், காய்ந்ததே காரணம்.

இனி அறிக்கை. பெதஸ்தா முறைப்படி, இப்படித் தடவிய ஸ்லைடில் நன்கு தெரியும் தட்டைச் செல்கள் ஏறக்குறைய 8,000 இருக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் மறைந்திருந்து, மாறிய செல் எதுவும் தென்படாவிட்டால் ‘போதாத மாதிரி’ என்று காரணத்துடன் எழுத வேண்டும். சந்தேகத்துக்குரிய செல் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலும் அப்படி ஒதுக்கக் கூடாது. கண்டதை அறிவிக்க வேண்டும். நம் ஸ்லைடில் பாதிக்கு மேல் தெளிவாக, இயல்பாக இருப்பதால் ‘மாதிரி போதுமானது, புற்றுநோய்க்கான மாற்றம் இல்லை’ என்பதே சரியான முடிவு.

‘போதாத மாதிரி’ என்று அறிக்கை வந்தால், நோய் இருக்கிறது என்றும் பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை. மருத்துவர் சொல்லும் தேதியில், பொதுவாக இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள், மறுபடியும் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.