கூடுதல் மதிப்பெண்

கூடுதல் மதிப்பெண் என்பது ஒரு தேர்வின் முழு மதிப்பெண்ணுக்கு வெளியே, மாணவர் விரும்பினால் மட்டும் செய்யும் பணிக்கு வழங்கப்படும் மதிப்பெண் ஆகும். பேச்சுவழக்கில் இது போனஸ் மதிப்பெண் எனப்படுகிறது. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இது பரவலாக உள்ளது. தவறான வினாவுக்காகவோ, தேர்ச்சிக்குச் சிறிது குறையும்போதோ வழங்கப்படும் கருணை மதிப்பெண் இதிலிருந்து வேறுபட்டது. கூடுதல் மதிப்பெண் சேரும்போது ஒருவரின் மொத்தம் 100-ஐத் தாண்டலாம். அந்த மிகுதியைக் கையாளும் முறையைப் பொறுத்து, அதைப் பெறாத மாணவரின் முடிவுகூட மாறிவிடக்கூடும்.

## பகுதி எண் மாறக்கூடாது

ஒரு வகுப்பில் 50 மதிப்பெண் கொண்ட இரண்டு தேர்வுகள் நடக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 மதிப்பெண்ணுக்கு ஒரு விருப்ப வினா உண்டு. முழு மதிப்பெண் 100. ஆனால் ஒருவர் 110 வரை பெற முடியும்.

சிலர் மொத்தத்தை 110-க்குக் கணக்கிட்டுச் சதவீதம் எடுப்பர். அப்போது விருப்ப வினாவைத் தொடாமல் 90 பெற்ற மாணவருக்கு 81.8 சதவீதமே கிடைக்கும். விருப்ப வினா என்று அறிவித்தது கட்டாய வினாவாகிவிடுகிறது.

வேறு சிலர் வகுப்பில் முதலிடம் பெற்றவரின் மொத்தத்தை 100 ஆக்கி, மற்றவர்களின் மதிப்பெண்ணை அதே விகிதத்தில் குறைப்பர். முதல் மாணவர் 108 பெற்றிருந்தால் அனைவரின் மதிப்பெண்ணும் 108-ஆல் வகுக்கப்படும். தேர்ச்சி மதிப்பெண் 35 எனில், 36 பெற்றுத் தேர்ச்சியடைந்திருக்க வேண்டிய மாணவர் இப்போது 33.3 பெற்றுத் தோல்வியடைகிறார். அவர் விடைத்தாளில் எதுவும் மாறவில்லை. இன்னொருவர் எழுதிய கூடுதல் விடை அவரைக் கீழே தள்ளிவிட்டது.

எனவே கூடுதல் மதிப்பெண் தொகுதியில் மட்டுமே சேர வேண்டும். பகுதி 100 ஆகவே இருக்க வேண்டும். மூடில் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளில் `Extra credit` என்ற தெரிவும் இவ்வாறே இயங்குகிறது. அதைக் குறியிட்ட பணியின் மதிப்பெண் மொத்தத்தில் சேரும். ஆனால் அதன் உச்ச மதிப்பெண் முழு மதிப்பெண்ணில் சேராது.

## உச்சவரம்பை எங்கே வைப்பது

சான்றிதழில் 100-க்கு மேல் பதிய இயலாத இடங்களில் மொத்தத்தை 100-இல் நிறுத்துவர். இதைத் தேர்வுதோறும் செய்தால் ஒரு பிழை நேர்கிறது.

முதல் மாணவி தேர்வுகளில் 49, 41 பெறுகிறார். இரண்டாம் மாணவி 45, 45 பெறுகிறார். இருவரின் அடிப்படை மொத்தமும் 90. இருவரும் முதல் தேர்வின் விருப்ப வினாவுக்கு 5 பெறுகின்றனர். தேர்வுதோறும் 50-இல் நிறுத்தினால் முதல் மாணவியின் 54 என்பது 50 ஆகி, அவருடைய மொத்தம் 91 ஆகிறது. இரண்டாம் மாணவிக்கு 95 கிடைக்கிறது. ஒரே அளவு உழைப்புக்கு 4 மதிப்பெண் வேறுபாடு. ஒரு தேர்வில் மிக நன்றாக எழுதியதே முதல் மாணவிக்கு இழப்பாகிவிட்டது.

எல்லாவற்றையும் கூட்டிய பின், இறுதியில் ஒருமுறை மட்டும் வரம்பிட்டால் இருவருக்கும் 95 கிடைக்கும். விரிதாளில் B, C நிரல்களில் அடிப்படை மதிப்பெண்ணும், D, E நிரல்களில் கூடுதல் மதிப்பெண்ணும் இருந்தால் வாய்பாடு இதுவாகும்:

```
=MIN(100, B2+C2+D2+E2)
```

இரு வகை மதிப்பெண்களையும் தனி நிரல்களில் வைப்பது நல்லது. ஒரே கட்டத்தில் 54 என எழுதிவிட்டால், அதில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு கூடுதல் என்பதைப் பின்னர் பிரித்தறிய இயலாது.

## தர எல்லை

வகுப்பின் மதிப்பெண் பரவலைப் பார்த்துத் தர எல்லைகளை வகுக்கும் ஆசிரியர், அவற்றை அடிப்படை மதிப்பெண்களைக் கொண்டே முதலில் முடிவு செய்ய வேண்டும். கூடுதல் மதிப்பெண்ணை அதன் பிறகே சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் எல்லைகள் உயர்ந்து, விருப்ப வினாவை எழுதாதவர்களின் தரம் இறங்கும்.

## சரிபார்க்கும் வழி

கணக்கு முடிந்ததும் இரண்டு சோதனைகள் போதும். கூடுதல் மதிப்பெண் எதுவும் பெறாத ஒருவரின் முடிவை, அத்திட்டம் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் முடிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, அடிப்படை மொத்தமும் கூடுதல் மொத்தமும் சமமாக உள்ள இருவரின் இறுதி மதிப்பெண் சமமா என்று பார்க்க வேண்டும்.

## வரையறைகள்

இறுதி வரம்பிலும் ஒரு குறை உண்டு. 108 பெற்றவரும் 100 பெற்றவரும் பட்டியலில் சமமாகிவிடுவர். பரிசுக்கோ தரவரிசைக்கோ வேறுபாடு தேவையெனில் வரம்பிடாத மொத்தத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தப்படும் என்பதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பணம் செலவிட்டுச் செய்யும் மாதிரிகள், மாலை நேரத்தில் வெளியூர் சென்று பார்க்கும் நிகழ்ச்சிகள் போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கினால், அந்த வசதி இல்லாத மாணவருக்கு வாய்ப்பே இல்லாமல் போகும். கணக்கு முறை எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தக் குறையை அது தீர்க்காது. வகுப்பறையிலேயே, அதே விடைத்தாளில், அதே பாடப்பகுதியில் கேட்கப்படும் விருப்ப வினா அனைவருக்கும் எட்டக்கூடியது.