பெருவில் கடல் சூடேறினால் மேட்டூர் ஏன் காய்கிறது?

பெரு நாட்டின் வடபகுதியில் பைட்டா என்றொரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்தக் கரையில் கடல் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு குளிர்ச்சியை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஓயாமல் மேலே வருவதுதான் காரணம். அந்த நீர் சத்துகளை அள்ளிக்கொண்டு வருகிறது. அவற்றைத் தின்று நுண்பாசி வளர்கிறது, பாசியை நம்பி நம் நெத்திலியின் உறவுக்கார மீன் கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது, மீனை நம்பி நீர்க்காகங்களும் மனிதர்களும் வாழ்கிறார்கள்.

கிறிஸ்துமஸை ஒட்டி வடக்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் அங்கே வரும். பைட்டா மீனவர்கள் அதற்குக் குழந்தை இயேசுவின் பெயரை வைத்தார்கள்: எல் நினோ. பெரும்பாலான ஆண்டுகளில் அது சில வாரங்களில் போய்விடும். சில ஆண்டுகளில் போகாது. கடல் மாதக்கணக்கில் சூடாகவே கிடக்கும், வலையில் மீன் விழாது, கரையோரப் பறவைகள் பட்டினியில் சாகும். 1970-ல் ஏறக்குறைய 1.2 கோடி டன் நெத்திலி பிடித்த பெருவுக்கு, 1972-73 எல் நினோவுக்குப் பிறகு 20 லட்சம் டன்கூடக் கிடைக்கவில்லை. அளவுமீறிப் பிடித்ததும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம். ஆனால் இறுதி அடியைக் கொடுத்தது கடலின் சூடு.

இந்தச் சூடு பெருவின் கரையில் பிறப்பதில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக ஆண்டு முழுவதும் வணிகக் காற்று வீசுகிறது. தட்டில் இருக்கும் தண்ணீரை ஒரு பக்கமாக ஊதுவதுபோல அது கடலின் மேற்பரப்பு நீரை இந்தோனேசியா பக்கம் ஒதுக்குகிறது. அதனால் அங்கே கடல்மட்டமே தென்னமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். வெயிலில் காய்ந்த நீரெல்லாம் மேற்கே குவிய, அந்த வெப்பத்துக்கு மேலே காற்று எழும்பி, மேகம் கட்டி, மழை கொட்டுகிறது. எழும்பிய காற்று உயரத்திலேயே கிழக்கு நோக்கிப் போய், பெருவுக்கு அருகே கீழிறங்குகிறது. காற்று இறங்கும் இடத்தில் மேகம் கட்டாது. பெருவின் கரை பாலைவனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வணிகக் காற்று தளரும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. பிடித்துவைத்த கை விலகியதும் மேற்கே குவிந்திருந்த சுடுநீர் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. கடலுக்கடியில் ஒரு நீண்ட அலையாகப் பசிபிக்கைக் கடந்து பெருவை அடைய அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. கிழக்கு சூடானதும் இரு கரைகளுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைகிறது. வேறுபாடு குறைந்தால் காற்று இன்னும் தளர்கிறது, காற்று தளர்ந்தால் கிழக்கு இன்னும் சூடாகிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும் இந்தச் சுழலை விளக்கியவர் யாக்கோப் பியர்க்னெஸ். ஆண்டு 1969.

அவருக்கு முன்பே பாதி விடையை இந்தியாவிலிருந்து ஒருவர் கண்டுபிடித்திருந்தார். 1877-லும் 1899-லும் பருவமழை பொய்த்து, பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். அந்தப் பின்னணியில், 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்தார் கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலர். உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்தக் குறிப்புகளை எழுத்தர்களை வைத்துக் கணக்கிட வைத்தார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது என்று தெரிந்தது. அந்த ஏற்றப் பலகை ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் தென் அலைவு. அதை ஆட்டுவது கடல் என்பது அவர் காலத்தில் தெரியாது.

இந்தியாவின் மழைக்கு எங்கே அடி விழுகிறது? மழைமேகம் பசிபிக்கின் நடுவுக்கு இடம்பெயர்ந்துவிட்டால், முன்பு காற்று எழும்பிய இந்தோனேசியப் பகுதியிலும் அதை ஒட்டிய தெற்காசியாவிலும் காற்று இறங்கத் தொடங்கும். இறங்கும் காற்று தென்மேற்குப் பருவமழையை அழுத்திவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் அப்படியே பலிப்பதில்லை. 1997-ல் பெருவுக்கு அருகே கடல் வழக்கத்தைவிட ஏறக்குறைய 4 டிகிரி சூடானது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று அது. அடுத்த சில மாதங்களில் பெருவின் செச்சுரா பாலைவனத்தில் பெய்த மழை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஏரியாகத் தேங்கியது. இந்தோனேசியாவிலோ காடுகள் காய்ந்து எரிந்தன, புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. இந்தியாவிலும் வறட்சி வரும் என்று எல்லாரும் அஞ்சினார்கள். அந்த ஆண்டின் பருவமழையோ சராசரியில் 102 சதவீதம்!

ஐந்தே ஆண்டுகளில் நேர்மாறாக நடந்தது. 2002-ல் கடல் ஏறக்குறைய 1 டிகிரிதான் கூடுதலாகச் சூடாகியிருந்தது. 101 சதவீத மழை கிடைக்கும் என்று இந்திய வானிலைத் துறை முன்னறிவித்தது. ஆடியில் விதைக்கக் காத்திருந்த உழவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஜூலை மாதத்தில் பெய்ய வேண்டிய மழையில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. பருவம் முடிந்தபோது மொத்த மழை 81 சதவீதம். கர்நாடகத்து அணைகள் நிரம்பாததால் மேட்டூரில் வழக்கமான ஜூன் 12-ல் தண்ணீர் திறக்க முடியவில்லை. காவிரிப் படுகையில் குறுவை போயிற்று.

பெரிய எல் நினோ விட்டுவிட்டது, சிறியது கெடுத்தது. இதற்கு ஆய்வாளர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, சூடு எங்கே மையம் கொள்கிறது என்பது. 1997-ல் அது பெருவை ஒட்டிய கிழக்கில் உச்சம் கண்டது. 2002-ல் பசிபிக்கின் நடுவில் மையம் கொண்டது. நடுவில் சூடானால் காற்று இறங்கும் இடம் இந்தியாவுக்கு மேலேயே வந்து உட்காருகிறது. இன்னொரு காரணம் நம் பக்கத்துக் கடலில் இருக்கிறது. 1997-ல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்திருந்தது. இந்த நிலை பருவமழைக்குத் துணை நின்றது. 'சூடா இல்லையா' என்று மட்டும் பார்த்து மழையைச் சொல்லிவிட முடியாது என்பதை இந்த இரண்டு ஆண்டுகளும் காட்டிவிட்டன.

எவ்வளவு சூடு, எங்கே என்று பார்க்க இப்போது பசிபிக்கின் குறுக்கே மிதவைகள் கட்டப்பட்டிருக்கின்றன. 1982-ல் வந்த பெரும் எல் நினோவை, அது நன்றாக வளரும்வரை யாரும் கவனிக்கவில்லை. மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய தூசு செயற்கைக்கோள்களின் பார்வையைக் கெடுத்து, கடலைக் குளிர்ச்சியாகக் காட்டியது. அந்தப் பாடத்துக்குப் பிறகு வந்தவை இந்த மிதவைகள். ஏறக்குறைய 70 மிதவைகளும் 1994 இறுதிக்குள் இடம்பிடித்தன. ஒவ்வொன்றும் கடற்பரப்பு மட்டுமல்லாமல் 500 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தை அளக்கிறது. சூடு மேலே தெரிவதற்கு முன்பே ஆழத்தில் அலை நகர்வது தெரிந்துவிடும். இருந்தும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சொல்லப்படும் கணிப்பை முழுதாக நம்ப முடியாது. அந்தப் பருவத்தில் கடலின் போக்கு எந்தப் பக்கமும் திரும்பலாம். ஜூன் தாண்டினால் நம்பிக்கை கூடுகிறது, ஆனால் அதற்குள் நம் உழவர் விதை நெல்லைக் கையில் எடுத்துவிடுகிறார்.

தமிழகத்துக்கு மட்டும் இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. நமக்குப் பெரிய மழை தருவது அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழை. எல் நினோ ஆண்டுகளில் அது குறையாது, பெரும்பாலும் கூடும். அப்போது தென்னிந்தியக் கடற்கரையை நோக்கி வரும் கிழக்குக் காற்று வலுப்பதால் வங்கக் கடலின் ஈரம் நம் பக்கம் திரும்புகிறது. 2015-ல் எல் நினோ வலுவாக இருந்தது. நாடு முழுவதும் தென்மேற்கு மழை 86 சதவீதத்தோடு நின்றது. ஆனால் டிசம்பர் முதல் நாளும் இரவுமாகப் பெய்த மழை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாறு கரைமீறிச் சென்னைக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு கிழக்குப் பசிபிக் குளிரத் தொடங்கியது. 2016-ன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. முந்தைய ஆண்டு வெள்ளத்தைத் திறந்துவிட்ட செம்பரம்பாக்கம் ஏரியில், 2017 கோடையில் தரை வெடித்துக் கிடந்தது.