மூன்று வாரம் பெட்டியில் கிடந்த வயலின்

திருச்சியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். ஐந்து வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு வந்தது, அதன் வாலைப் பிடித்துத் திருப்புதல் தேர்வுகளும் வந்தன. இரண்டு சனிக்கிழமை ஏதோ காரணம் சொல்லி வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள்.

“சாருக்கு நமஸ்காரம். மூன்று வாரமாக நான் சாதகம் பண்ணவில்லை. உடம்பு சரியில்லை என்று போன வாரம் அம்மா சொன்னது நான் சொல்லச் சொன்னது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று இரண்டு மணி நேரம் வாசித்தேன். வில் நுனிக்குப் போகும்போது சத்தம் மெலிந்து கீச்சென்கிறது. மோகன வர்ணம் இரண்டாம் காலத்திலேயே தடுக்குகிறது. தினம் ஒரு மணி நேரம் பரீட்சை முடியும் வரை என்னால் முடியாது. காலையில் 10 நிமிஷம், ராத்திரி 15 நிமிஷம் கிடைக்கும். அதற்குள் எதை வாசிக்கட்டும், எதை விடட்டும் என்று சொல்லுங்கள்.”

வெறும் மன்னிப்போடு நின்றிருந்தால் ஆசிரியர் வருத்தப்பட்டிருப்பார், அவ்வளவுதான். இதில் அவருக்குப் பயன்படும் செய்திகள் மூன்று இருக்கின்றன: எத்தனை நாள் விட்டுப்போனது, எந்த இடத்தில் கெட்டிருக்கிறது, நாளைக்கு உண்மையாகவே எத்தனை நிமிடம் கிடைக்கும். வைத்தியரிடம் “உடம்பு சரியில்லை” என்பதற்கும் “மூன்று நாளாக ராத்திரியில் மட்டும் ஜுரம்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு.

“நுனிக்குப் போகும்போது கீச்” என்ற வரி ஆசிரியருக்குப் போதும். வயலினில் சாதகம் விட்டால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது வில்தான். குதிரைக்கும் விரல்பலகைக்கும் இடையே உள்ள குறுகலான பட்டையில், தந்திக்குக் குறுக்கே நேராக வில் ஓட வேண்டும். கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை அது நேராக ஓடுவதற்கு, முழங்கை விரிந்துகொண்டே போக வேண்டும். பழக்கம் விட்ட கை பாதியில் விரிவதை நிறுத்திவிட்டு, தோளோடு சேர்த்து இழுக்கும். உடனே வில் சாய்ந்து விரல்பலகைப் பக்கம் நழுவும், ஒலி மெலியும். மெலிந்ததே என்று விரலால் அழுத்தினால் கீச்சிடும்.

இதைக் காதால் மட்டுமல்ல, கண்ணாலும் பிடிக்கலாம். வில்லின் மயிருக்குத் தேய்க்கும் ரோசின், வாசிக்கும்போது வெள்ளைப் பொடியாக உதிரும். வில் நேராக ஓடியிருந்தால் பொடி ஒரே பட்டையாகப் படியும். விரல்பலகையின் நுனியில் பொடி பரவிக் கிடந்தால் வில் அங்கே அலைந்திருக்கிறது என்று பொருள். துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். மூன்று வாரத்தில் விரல் நுனியின் காய்ப்பு இளகியிருக்கும், அரை மணியில் தந்தி உறுத்தத் தொடங்கும், தோள் இறுகும். அதற்குப் பிறகு வாசிக்கும் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் கோணலான வில்லைத்தான் அவள் பழகிக்கொண்டிருந்தாள். கடன் அடைப்பதாக நினைத்துக் கடனைக் கூட்டிக்கொண்டாள்.

மாணவிக்குக் கடிதத்தில் பாடத்திட்டம் வகுத்துத் தருவது புதிய வழக்கம் இல்லை. இத்தாலியின் பெரிய வயலின் கலைஞரான ஜுசெப்பே தார்த்தீனி, பதுவா நகரிலிருந்து 1760 மார்ச் 5 அன்று மத்தலேனா லொம்பார்தீனி என்ற பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெனிஸில் இசை கற்பித்த ஓர் ஆதரவு இல்லத்தில் வளர்ந்த அவளுக்கு அப்போது 14 வயது. அந்தக் கடிதம் 1770-இல் தார்த்தீனி இறந்த பிறகு அச்சேறியது. இன்றும் வயலின் ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். அங்கே தாமதத்துக்கு வருந்தித் தொடங்குபவர் மாணவி அல்ல, ஆசிரியர். எழுதுவதாகச் சொன்ன பாடத்தை வேலைப்பளுவால் உரிய நேரத்தில் எழுத முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போகிறார்.

முதல் பாடமாக அவர் வைத்ததும் வில்தான். விரல் வைக்காத திறந்த தந்தியில், கேட்டும் கேட்காத மெல்லொலியில் தொடங்கி, மெதுவாகப் பெருக்கி, மறுபடி மெலிந்து முடிக்கச் சொல்கிறார். இதற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் எனப் பிரித்துக்கொள் என்கிறார். ஒரு மணி நேரம் திருச்சிப் பெண்ணுக்குக் கிடைக்காது. பிரித்துக்கொள்வது அவளுக்கும் கைகூடும்.

சாரின் பதில் திட்டம் இப்படி அமையலாம். காலை 10 நிமிடமும் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு திறந்த தந்திகள் மட்டும். நம் வயலினில் நான்கு தந்திகளும் ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கப்பட்டிருப்பதால் எதை இழுத்தாலும் சுருதியோடு நிற்கும். ஒரு வில்லுக்கு 8 எண்ணிக்கை. போகும்போதும் வரும்போதும் ஒலி ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அது வந்துவிட்டால் 12 எண்ணிக்கை.

இரவு 15 நிமிடத்தில் பாதி, மாயாமாளவகௌளையில் முதல் ஜண்டை வரிசை மட்டும், முதல் காலத்தில். இந்த ராகத்தில் ஸட்ஜமத்தை ஒட்டியே ரிஷபம் இருக்கிறது. காந்தாரத்தை ஒட்டி மத்திமம் இருக்கிறது. பழக்கம் விட்ட விரல்கள் இடைவெளியைத் தாராளமாக்கிவிடும், ஸ்வரம் ஏறிப்போகும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. முதல் தந்தியில் மூன்றாம் விரலால் மேல் ஸட்ஜமம் வாசிக்கும்போது, பக்கத்தில் தொடாமல் இருக்கும் ஸட்ஜமத் தந்தியைப் பார்க்க வேண்டும். விரல் சரியான இடத்தில் இருந்தால் அந்தத் தந்தி தானே சிலிர்க்கும். மயிரிழை தள்ளியிருந்தாலும் அந்தச் சிலிர்ப்பு மங்கிவிடும். இதைவிடக் கறாரான, அதே சமயம் கோபிக்காத பரிசோதகர் வீட்டில் கிடைக்கமாட்டார்.

மீதி நேரம் வர்ணத்துக்கு. ஆனால் பல்லவியிலிருந்து தொடங்கக் கூடாது. தினமும் முதலிலிருந்து வாசித்தால் நன்றாக வரும் இடமே மேலும் நன்றாக வரும், தடுக்கும் இடத்துக்கு வரும்போது நேரம் தீர்ந்திருக்கும். முக்தாயி ஸ்வரத்தில் எந்த ஆவர்த்தனம் தடுக்குகிறதோ அதை மட்டும் முதல் காலத்தில் நாலு தடவை. இரண்டாம் காலம், புதுக் கீர்த்தனை இரண்டும் பரீட்சை முடியும் வரை இல்லை.

எளிய திட்டம் கேட்டவளுக்கு வில் பாடம் குறையவில்லை, உருப்படிகள்தாம் குறைந்தன. பத்து நாளில் தெரியும். வில்லை 8 எண்ணிக்கைக்கு இழுத்துக் கைபேசியில் பதிந்து கேட்டால், வில் திரும்பும் இடம் காதில் உறுத்தாமல் இருக்க வேண்டும். இன்னும் கீச்சிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து முழங்கையைப் பார்க்க வேண்டும். நேரமின்மைதான் காரணம் என்றால் இந்தத் திட்டம் உதவும். கழுத்திலோ மணிக்கட்டிலோ வலி வந்து அதனால் வயலினைத் தொடாமல் இருந்திருந்தால், அதையும் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு வேண்டியது உட்காரும் முறையிலும் பிடிப்பிலும் திருத்தம், தேவைப்பட்டால் மருத்துவர்.

அடுத்த சனிக்கிழமை அவள் வருகிறாள். உடம்பு சரியில்லை என்று சொன்ன பொய்யைப் பற்றிச் சார் ஒன்றும் கேட்கவில்லை, அதை அவளே எழுதிவிட்டாளே. நாலு தந்தியையும் இழுக்கச் சொல்கிறார். முடித்துவிட்டு அவள் துணியை எடுக்கிறாள். “துடைக்காதேம்மா, இப்படிக் கொண்டா” என்று வயலினை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பொடி எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்கிறார்.