முந்தைய விடைக்காகக் காத்திருக்கும் கூட்டல்

2015-இல் வந்த இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில், இரண்டு ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்களைக் கூட்டி விடை பெற 4 கடிகாரத் துடிப்புகள் ஆகும். இது தாமதம். ஆனால் கூட்டும் அலகு பைப்லைனாகக் கட்டங்கள் பிரிக்கப்பட்டது. அதனால் முதல் கூட்டல் முடியுமுன்பே, அடுத்த துடிப்பிலேயே வேறொன்றை உள்ளே அனுப்பலாம். இந்தத் தொடக்க இடைவெளி 1 துடிப்புதான்.

அந்த வசதியை இந்த ஒரு வரி பறித்துவிடும்:

```
s = s + a[i];
```

ஒவ்வொரு கூட்டலுக்கும் முந்தைய `s` வேண்டும். அது வரும்வரை அலகு சும்மா நிற்கும். 1000 எண்களுக்குச் சுமார் 4000 துடிப்புகள் போய்விடும். தொகையை `s0` முதல் `s3` வரை நான்காகப் பிரித்து, எண்களை மாறி மாறிச் சேர்த்து, கடைசியில் நான்கையும் கூட்டுங்கள். ஏறக்குறைய 1000 துடிப்புகளில் வேலை முடியும். ஸ்கைலேக்கில் இத்தகைய அலகுகள் இரண்டு என்பதால், எட்டாகப் பிரித்தால் இன்னும் குறையும். பிரித்ததும் நேரம் சட்டென்று இறங்கினால், தடை காத்திருப்பில்தான் இருந்தது என்று அறியலாம்.

கம்பைலர் வழக்கமாக இதைத் தானாகச் செய்யாது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். ஜிசிசியில் `-ffast-math` கொடுத்தால் அந்த அனுமதி கிடைக்கும். பணக்கணக்கு போன்ற இடங்களில் அதைக் கொடுக்காதிருப்பதே நல்லது.