பெயரை நீக்கினால் போதுமா? தாதிமை மாணவர்களின் இடுபணியில் நோயாளியின் இரகசியம்

தாதிமைப் பயிற்சி மாணவர்கள், வார்டில் தாங்கள் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றி ஆய்வறிக்கை எழுதிச் சமர்ப்பிப்பது வழக்கம். அதில் பெயரை நீக்கிவிட்டால் இரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், ஒருவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெயர் அல்ல. பெயரைச் சுற்றியுள்ள விவரங்களே.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாணவர் ஒருவர் இப்படி எழுதுகிறார்:

“திருமதி க.ச., 52 வயது, பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். காலில் ஆறாத புண்ணுடன் மார்ச் 14ஆம் தேதி 6ஆம் வார்டில் சேர்க்கப்பட்டார். 16ஆம் தேதி வலது கால் பெருவிரல் அகற்றப்பட்டது. கணவருக்குத் தெரியாமல் ஓராண்டாக நீரிழிவு மருந்தை நிறுத்தியிருந்தார்.”

இதில் பெயர் இல்லை. ஆனால் ஒரு தோட்டப் பள்ளிக்கு ஒரே ஒரு தலைமையாசிரியர்தான். மார்ச் மாதத்தில் விடுப்பில் இருந்தவர் யார் என்பது பெற்றோர் அனைவருக்கும் தெரியும். பெயரின் முதலெழுத்துகள் அதை உறுதிப்படுத்திவிடும். அந்த அறிக்கை வகுப்புப் புலனக் குழுவில் பகிரப்பட்டு, அவ்வூரைச் சேர்ந்த ஒரு மாணவியின் கண்ணில் பட்டால், கணவருக்கே தெரியாத செய்தி ஊருக்குத் தெரிந்துவிடும்.

இதைத் திருத்த ஒவ்வொரு விவரத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: நோயாளிக்கு அளித்த பராமரிப்பைப் புரிந்துகொள்ள இது தேவையா? ஊர், பள்ளி, வார்டு எண் ஆகியவை தேவையில்லை. தொழிலின் பெயரும் தேவையில்லை. ஆனால் அவர் நீண்ட நேரம் நின்று வேலை செய்கிறார் என்பது கால் புண்ணுக்கு முக்கியம். தேதி தேவையில்லை; எத்தனையாவது நாளில் என்ன நடந்தது என்பது போதும். மருந்தை நிறுத்தியதை வீட்டார் அறியவில்லை என்பது வீடு திரும்பும்போது தரும் ஆலோசனைக்குத் தேவை. அது அந்தரங்கமான செய்தி என்பதால்தான் மற்றவை மங்கலாக இருக்க வேண்டும்.

திருத்திய வடிவம் இப்படி அமையும்:

“மாலா (புனைபெயர்), 50 வயதைக் கடந்தவர், நாளின் பெரும்பகுதி நின்று வேலை செய்பவர். காலில் ஆறாத புண்ணுடன் ஒரு மாவட்ட மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்றாம் நாள் வலது கால் பெருவிரல் அகற்றப்பட்டது. வீட்டாருக்குத் தெரியாமல் ஓராண்டாக நீரிழிவு மருந்தை நிறுத்தியிருந்தார்.”

இங்கு எதுவும் பொய்யாக மாற்றப்படவில்லை; பொதுமைப்படுத்தப்பட்டுள்ளது. இரத்தச் சர்க்கரை அளவு, மருந்தின் அளவு, நோய் ஆகியவற்றை மாற்றினால் அறிக்கை தவறான பாடமாகிவிடும். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்பதையும் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

அடையாள அட்டை எண்ணின் ஒரு பகுதியைக்கூட விட்டுவைக்கக் கூடாது. மலேசிய எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 720514-08 என்ற தொடக்கம் மட்டுமே ஒருவர் 1972 மே 14இல் பேராக்கில் பிறந்தவர் என்று சொல்லிவிடும்.

எழுத்தில் கவனமாக இருப்பவர்களும் பின்னிணைப்பில் தவறுவதுண்டு. இரத்தப் பரிசோதனை முடிவு, இதயத் துடிப்புப் பதிவு, எக்ஸ்ரே ஆகியவற்றின் ஓரத்தில் பெயரும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கும். பேனா மையால் அடித்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடியலாம். கணினியில் கருப்புக் கட்டம் போட்டு மறைத்தாலும், பிடிஎஃப் கோப்பில் அந்த இடத்தை நகலெடுத்து ஒட்டினால் எழுத்து வெளிவரக்கூடும். ஆகவே தேவையான அளவுகளை மட்டும் அட்டவணையாகத் தட்டச்சு செய்வதே பாதுகாப்பானது. கோப்புக்கு நோயாளியின் பெயரை வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வார்டில் குறிப்பெடுத்த தாள்கள் வீட்டுக்குப் போகாமல், மருத்துவமனையின் விதிப்படி அங்கேயே அழிக்கப்பட வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக அரிதான நோய், நாளேட்டில் வந்த விபத்து போன்றவற்றில் எவ்வளவு மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். அப்போது விரிவுரையாளரிடம் முன்கூட்டியே பேசி, நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும்; இல்லையேல் வேறொருவரைப் பற்றி எழுத வேண்டும்.

இரகசியம் காப்பது தவறை மூடி மறைப்பதும் ஆகாது. நோயாளிக்கு மருந்து தவறாகத் தரப்பட்டதைக் கண்டால், அதை உடனே வார்டுப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். இடுபணியில் எழுதும்போது அந்த ஊழியரின் பெயரும் நீக்கப்பட வேண்டும்.

சமர்ப்பிக்கும் முன் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை ஒன்று உண்டு. நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்தால் “இது இன்னார்தான்” என்று சொல்வாரா? சொல்வார் என்றால், இன்னும் ஒரு விவரம் நீக்கப்பட வேண்டியிருக்கிறது.