தேங்காய் உடைத்தார், தேங்காயை உடைத்தார்

எங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலையில் யாராவது தேங்காய் உடைப்பார்கள். சில்லு பொறுக்கச் சிறுவர்கள் தயாராக நிற்பார்கள். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கேட்கும்: "அந்தத் தேங்காயை உடைச்சு வைம்மா, சட்னிக்கு வேணும்." கோயிலில் 'தேங்காய் உடைத்தார்'. அடுக்களையில் 'தேங்காயை உடைத்தாள்'. காயும் ஒன்றுதான், உடைப்பதும் ஒன்றுதான். நடுவே ஓர் 'ஐ' மட்டும் வருகிறது, போகிறது. ஆனாலும் இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் நம் காதுக்கு ஏதோ இடறுகிறது.

இந்த 'ஐ'தான் பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமை உருபு. செயல் எதன் மேல் நடக்கிறதோ அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அது மறைந்து வந்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. தேர்வில் 'பால் குடித்தான்' என்று கொடுப்பார்கள். 'பாலைக் குடித்தான்' என்று விரித்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். இந்தப் பயிற்சியில் ஒரு தீங்கு உண்டு. இரண்டும் ஒன்றே, ஒன்று சுருக்கம், மற்றது விரிவு என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. வாக்கியத்தின் அமைப்பைப் பொறுத்தவரை அது சரி. பொருளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல.

பணம் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "அப்பா, பணம் குடுங்க" என்று மகன் கேட்டால் அவனுக்குச் செலவுக்குக் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான். "பணத்தைக் குடுங்க" என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவர் கடன் கொடுத்தவர். எந்தப் பணம் என்பது அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். 'ஐ' வந்ததுமே அந்தப் பொருள் ஒரு குறிப்பிட்ட பொருளாகிவிடுகிறது. 'ஐ' இல்லாதபோது அது பொருளாகக்கூட நிற்பதில்லை. வினையோடு கலந்து ஒரு காரியத்தின் பெயராகிவிடுகிறது. 'தேங்காய் உடைப்பது' ஒரு நேர்த்திக்கடன். அங்கே எந்தத் தேங்காய் என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிக் கலந்த சொற்கள் சில நேரம் வேறு பொருளே எடுத்துக்கொள்கின்றன. 'அவர் கடை திறந்தார்' என்றால் புதிதாக வியாபாரம் தொடங்கினார். 'கடையைத் திறந்தார்' என்றால் காலையில் வந்து ஷட்டரைத் தூக்கினார். 'வீடு பார்க்கிறார்கள்' என்றால் வாடகைக்கோ விலைக்கோ தேடுகிறார்கள். 'வீட்டைப் பார்க்கிறார்கள்' என்றால் கண்ணெதிரே ஒரு வீடு நிற்கிறது. கூட்டத்தில் 'அவர் வாய் திறக்கவில்லை' என்றால் பேசவில்லை. 'வாயைத் திறங்க' என்று சொல்பவர் பல் டாக்டர். 'கதை விடாதே' என்பதற்கும் 'அந்தக் கதையை விடு' என்பதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்விச் சொற்களிலும் இந்த வேறுபாடு உண்டு. ஓட்டலில் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்கிறார்கள். உருபு இல்லை. இலையில் இரண்டு பலகாரம் வைத்த பிறகு "எதைச் சாப்பிடப் போறே?" என்கிறாள் அம்மா. இங்கே உருபு வந்துவிட்டது, ஏனென்றால் பொருள்கள் கண்முன் இருக்கின்றன. மனிதர் என்றால் இந்தத் தேர்வே கிடையாது. 'யாரைப் பார்த்தாய்?' மட்டும்தான். உயிரற்ற பொருளுக்குக் கிடைக்கும் சலுகை மனிதருக்கு எளிதில் கிடைப்பதில்லை. அங்கும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறோம்: 'பெண் பார்க்க வந்தார்கள்'. அது சடங்கு. 'பெண்ணைப் பார்க்க வந்தார்கள்' என்றால் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் பெற்றோர் வந்திருக்கலாம்.

அப்படியென்றால் உயிரற்ற பொருளுக்கு உருபு எப்போது கட்டாயம்? முதலில், பொருள் குறிப்பிட்டதாக இருக்கும்போது. அந்த, இந்த, என், உன், நீ கொடுத்த, நேற்று வாங்கிய என்று ஏதாவது ஒன்று முன்னால் நின்று பொருளைச் சுட்டினால் 'ஐ' வேண்டும். 'சட்டை துவைத்தேன்' சரி. 'உன் சட்டை துவைத்தேன்' என்பது பேச்சில் ஓடினாலும் எழுத்தில் நொண்டும். 'உன் சட்டையைத் துவைத்தேன்' என்பதே நேராக நிற்கிறது. அது, இது என்ற சுட்டுப் பெயர்களுக்குப் பேச்சிலும் விலக்கு இல்லை. 'அது எடு' என்று தமிழ் பேசி வளர்ந்தவர் சொல்லமாட்டார். 'அதை எடு' என்பார். வெறும் எண் முன்னால் வந்தால் உருபு தேவையில்லை. 'ரெண்டு தோசை சாப்பிட்டேன்' என்கிறோம். தோசைக்குப் பன்மைகூடப் போடுவதில்லை. ஆனால் தட்டில் இருந்தது இரண்டு, இரண்டும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல 'ரெண்டு தோசையையும் சாப்பிட்டேன்' என்றுதான் வரும்.

இரண்டாவது, பொருள் வினையை விட்டு விலகும்போது. உருபு இல்லாத சொல்லுக்கு இடம் வினையை ஒட்டித்தான். 'முருகன் கடிதம் எழுதினான்' என்பதில் ஒரு சிக்கலும் இல்லை. 'கடிதம் முருகன் நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினான்' என்று அதை முன்னால் தூக்கி வைத்தால், படிப்பவர் கடிதத்தை எழுவாய் என்று நினைத்து, கடிதம் என்ன செய்தது என்று காத்திருப்பார். 'கடிதத்தை' என்று எழுதிவிட்டால் அது வாக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பேச்சில் 'பேப்பர் நான் இன்னும் படிக்கல' என்று சொல்லித் தப்பிக்கிறோம். அங்கே குரலில் வரும் சிறு நிறுத்தம் உருபின் வேலையைச் செய்துவிடுகிறது. அச்சில் அந்தக் குரல் இல்லை.

மூன்றாவது, செய்தது எது, செய்யப்பட்டது எது என்ற குழப்பம் வரும்போது. 'திற' என்ற வினை இதில் பொல்லாதது. கதவு தானாகவும் திறக்கும், நாம் திறந்தாலும் திறக்கும். 'கதவு திறந்ததும் உள்ளே போனான்' என்றால் யாரோ திறந்தார்கள், அல்லது தானே திறந்தது. 'கதவைத் திறந்ததும் உள்ளே போனான்' என்றால் திறந்தவன் அவனே. துப்பறியும் கதை எழுதுபவர் இந்த இடத்தில் 'ஐ'யை விட்டால் குற்றவாளியே மாறிவிடுவான். பழைய இலக்கணக்காரர்கள் இந்தக் குழப்பத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் இதற்குத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயர் வைத்தது. உரைகளில் 'புலி கொல் யானை' என்பது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? அந்த யானை ஓடுகிறது என்று வாக்கியம் தொடர்ந்தால் கொன்றது யானை. அதன் தந்தம் வந்து சேர்ந்தது என்று தொடர்ந்தால் செத்தது யானை. பின்னால் வரும் சொல்தான் தீர்ப்புச் சொல்கிறது.

ஒரு வாக்கியத்தில் இரண்டு பொருள்கள் வந்தால் நம் மொழி ஒரு நல்ல ஏற்பாடு செய்கிறது. 'அறையைச் சுத்தம் செய்தான்', 'பாடத்தை மனப்பாடம் செய்தாள்'. சுத்தமும் மனப்பாடமும் வினையோடு ஒட்டி அதன் பாதியாகிவிடுகின்றன. உருபு அறைக்கும் பாடத்துக்கும் போகிறது.

கைப்பிரதி திருத்தும் மேசையில் இரு பக்கத் தவறும் வருகின்றன. மாதிரிக்கு நானே கட்டிய இரண்டு வரிகள் இவை: 'அவர் பற்களைத் துலக்கி, ஒரு காபியைக் குடித்து, ஒரு வேலையைத் தேடிப் புறப்பட்டார். வழியில் சட்டைப்பை தடவினார், மகள் பரிசளித்த பேனா மறந்துவிட்டது தெரிந்தது.' முதல் வரியில் உருபு தேவைக்கு மேல். பல் துலக்குவது, காபி குடிப்பது, வேலை தேடுவது எல்லாம் அன்றாடக் காரியங்கள். எந்தப் பல், எந்தக் காபி என்ற கேள்விக்கே இடமில்லை. எனவே 'பல் துலக்கி, காபி குடித்து, வேலை தேடிப் புறப்பட்டார்'. இரண்டாம் வரியில் நிலைமை தலைகீழ். சட்டைப்பை அவர் போட்டிருக்கும் சட்டையினுடையது. பேனா மகள் கொடுத்தது. இரண்டும் குறிப்பிட்டவை. எனவே 'சட்டைப்பையைத் தடவினார், மகள் பரிசளித்த பேனாவை மறந்துவிட்டது தெரிந்தது'. பேனாவுக்கு 'ஐ' போடாவிட்டால் பேனா எதையோ மறந்துவிட்டது போல இருக்கிறது. அதே பேனாவுக்கு 'பேனாவைக் காணோம்' என்று எழுதுவது நேர்த்தி, ஏனென்றால் காணாதவர்கள் நாம். 'பேனா காணாமல் போய்விட்டது' என்றால் போனது பேனா. அங்கே 'ஐ' வரக்கூடாது.

முதல் வரியின் நோய்தான் இப்போது அதிகம். 'மனுவை அளித்தனர்', 'பேட்டியை அளித்தார்', 'நடவடிக்கையை எடுத்தனர்' என்று செய்திகளில் படிக்கிறேன். மனு அளித்தனர், பேட்டி அளித்தார், நடவடிக்கை எடுத்தனர் என்று எழுதினால் போதும். எந்த மனு என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும் 'அந்த மனுவை' என்று எழுதலாம்.

எல்லா இடத்திலும் கோடு இவ்வளவு நேராக ஓடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்கிறது பழமொழி. குறிப்பிட்ட வீடு எதுவும் அங்கே இல்லை, ஆனாலும் 'ஐ' இருக்கிறது, கல்யாணத்துக்கு இல்லை. 'கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்பவர்களும் உண்டு. உயிரற்ற பொதுப் பொருளுக்கு உருபு போட்டால் தவறாகிவிடாது, கொஞ்சம் கனம் கூடும். வீடு கட்டியவர்களுக்கு அந்தக் கனம் தெரியும்.

கடைசியாக ஒற்று. உருபு வெளியே தெரிந்தால் அடுத்து வரும் க, ச, த, ப மிகும்: கடிதத்தைக் கொடு, துணியைத் துவை. மறைந்தால் மிகாது: கடிதம் கொடு, துணி துவை. 'வேலை', 'கதை', 'கவிதை', 'சேலை' போன்ற சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அவற்றின் கடைசியில் இருக்கும் ஐ ஓசை சொல்லுக்கே சொந்தமானது, வேற்றுமை உருபு அல்ல. அதை உருபு என்று நினைத்து 'வேலைச் செய்தார்', 'கதைச் சொன்னார்' என்று எழுதுகிறார்கள். சந்தேகம் வந்தால் உருபைச் சேர்த்துப் பாருங்கள். 'வேலையைச் செய்தார்' என்று இன்னொரு 'ஐ' வந்து உட்கார்கிறது அல்லவா? அது வந்தால்தான் ஒற்றும் வரும். விண்ணப்பத்தில் 'வேலை தேடுகிறேன்' என்று எழுதும்போது நடுவில் 'த்' போடாதீர்கள்.