புதுக் கணினியும் புதிய சந்தேகங்களும் – 7
தொழிற்சாலை ஒதுக்கிய இடம்

256 ஜி.பி. என்று விளம்பரத்தில் கண்ட வட்டு, விண்டோஸின் கணக்கில் 238 ஜி.பி.யாகத் தோன்றுவதன் காரணத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த 238-இலும் சுமார் 220 மட்டுமே ‘சி’ டிரைவாகத் தம் உபயோகத்துக்குக் கிடைத்திருக்கிறது என்பதையும், எஞ்சியதில் பெரும்பகுதி ‘ரெக்கவரி’ என்ற பெயரில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் காண்கிறவர்கள், அதை அழித்துவிட்டால் என்ன என்று கேட்பது முற்றிலும் நியாயமே. அழிக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு முன் அந்த இடத்தில் இருப்பது இன்னதென்றும், அதன் அருகில் அதே பெயரோடு இருக்கும் வேறொன்று இன்னதென்றும் அறிந்துகொள்ளாமல் கை வைப்பவர் பிற்பாடு வருந்த நேரும்.

ஒரு காலத்தில் கணினி வாங்கினால், அதை மறுபடி ஆதி நிலைக்குக் கொண்டுவருவதற்கான குறுந்தகடுகள் பெட்டியிலேயே வரும். தகடுகளை அச்சிட்டு அனுப்பும் செலவை மிச்சப்படுத்தக் கருதிய உற்பத்தியாளர்கள், அவற்றிலிருந்த விஷயத்தை வட்டிலேயே ஒரு பார்ட்டிஷனில் எழுதிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார்கள். கணினி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட தினத்தில் எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையின் பிரதி அதில் இருக்கிறது: அன்றைய விண்டோஸ், அந்த மாடலுக்கே உரிய டிரைவர்கள், உற்பத்தியாளரின் சொந்த மென்பொருள்கள், சில மாத சோதனைக்கென்று அளிக்கப்படும் ஆன்டி வைரஸ் ஆகிய யாவும். உங்கள் கோப்புகளுக்கு அங்கே இடமில்லை. அதைக் கொண்டு கணினியைத் திரும்ப நிறுவினால் அவை அழிந்தே போகும். அது இருப்பதும் அதே வட்டில்தான் என்பதால், வட்டு பழுதடையும் நாளில் பிரதியும் கூடவே போய்விடுகிறது.

இன்றைய விண்டோஸ், ‘Reset this PC’ என்ற கட்டளையை நிறைவேற்ற இந்தப் பெரிய பார்ட்டிஷனைத் தேடிப் போவதே இல்லை. விண்டோஸ் 10 முதல், ‘சி’ டிரைவில் ஏற்கெனவே உள்ள சிஸ்டம் கோப்புகளிலிருந்தே அது தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. 2020-இல் வந்த பதிப்பு முதல், வேண்டுமானால் இணையத்திலிருந்தே விண்டோஸை இறக்கிக்கொள்ளவும் செய்கிறது. விண்டோஸின் உரிமச் சாவியும் பார்ட்டிஷனில் இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அது மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிக்கப்பட்டு வருவதால், வட்டு முழுவதையும் துடைத்துவிட்டாலும் உரிமம் பறிபோகாது.

அப்படியானால் அந்தப் பதினைந்து, பதினாறு ஜி.பி.யால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. டிரைவர்கள் விஷயத்தில்தான் அது வெளிப்படுகிறது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்டின் சாதாரண பென் டிரைவைச் செருகி விண்டோஸை நிறுவ முற்பட்டால், உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யே நிறுவும் நிரலின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் டிரைவர் அந்த நிரலில் இல்லாததே காரணம். வட்டு தென்பட்டாலும், வை-ஃபை டிரைவர் இல்லாமல், இணையம் இன்றி மேலே நகர மறுக்கும் விண்டோஸ் 11-இன் முதல் திரையில் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. தொழிற்சாலைப் பிரதியில் இவை எல்லாம் அடங்கியிருப்பதால், இணைய வசதி நிச்சயமற்ற ஊரில் இருப்பவர்க்கு அது மெய்யான துணை. வட்டு 1 டி.பி. என்றால், பதினாறு ஜி.பி.யைப் பொருட்படுத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

256 ஜி.பி. வட்டில், நிலைமை வேறு. உதாரணமாக ஒரு வட்டு ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று கொள்வோம்: முதலில் கணினி துவங்குவதற்கான 260 எம்.பி.; அடுத்து மைக்ரோசாஃப்ட் தனக்கென வைத்துக்கொள்ளும் 16 எம்.பி.; மூன்றாவது ‘சி’ டிரைவ்; நான்காவது 1 ஜி.பி. அளவில் ஒரு ரெக்கவரி. ஐந்தாவது 16 ஜி.பி. அளவில் மற்றொரு ரெக்கவரி. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே பெயர் தாங்கி நிற்பதில்தான் அபாயம் இருக்கிறது. விண்டோஸ் துவங்க மறுக்கும்போது திரையில் வரும் பழுதுபார்க்கும் கருவிகள் வாழ்வது சிறியதில். அதன் அருமையை 2024 ஜனவரியில் பலர் உணர்ந்தார்கள்: அம்மாதம் வந்த KB5034441 என்ற பாதுகாப்பு அப்டேட், இந்தச் சிறு பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத கணினிகளில் 0x80070643 என்ற பிழையோடு திரும்பத் திரும்பத் தோற்றது. ஆகவே சிறியதைத் தொடலாகாது. எது எது என்று ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிர்வாகி அதிகாரத்தோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கேட்டால் கணினியே சொல்லும்:

```
reagentc /info
```

விடையில் `harddisk0\partition4` என்று வந்தால், நான்காவதுதான் விண்டோஸுக்கு வேண்டியது, ஐந்தாவது தொழிற்சாலையினுடையது. சில லேப்டாப்புகளில் விடை பெரிய பார்ட்டிஷனையே சுட்டக்கூடும். அப்போது அழிக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

அழிப்பதற்கு முன் பிரதி ஒன்று வெளியே வரவேண்டும். ஹெச்.பி., டெல், லெனோவோ மூன்றும் மாடலுக்கு உரிய ரெக்கவரி தொகுப்பை இறக்கி பென் டிரைவில் எழுதும் கருவிகளைத் தருகின்றன. டிரைவர்கள் கூடவே வருவதால் இதையே முதலில் நாட வேண்டும். அது இயலாவிட்டால், தேடல் பெட்டியில் `recoverydrive` என்று தட்டி, ‘Back up system files’ என்ற கட்டத்தில் குறியிட்டு, 32 ஜி.பி. பென் டிரைவில் எழுதலாம். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். வேலை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பலர் விட்டுவிடும் காரியம் இதற்கு அடுத்தது: அந்த பென் டிரைவிலிருந்து கணினியை ஒருமுறை துவக்கி, மெனு வருகிறதா என்று பார்த்துவிட்டு, எதையும் தேர்ந்தெடுக்காமல் வெளியேற வேண்டும். பரிசோதிக்காத பிரதியை நம்பி மூலத்தை அழிப்பது விவேகமன்று. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்ட பின்னரே இவ்வளவையும் துவங்குவது உத்தமம்.

‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திரையில் இந்தப் பார்ட்டிஷனை அழிக்கும் வசதி இராது, டிஸ்க்பார்ட்டைத்தான் நாடவேண்டும்.

```
diskpart
select disk 0
list partition
select partition 5
delete partition override
```

நான்காவது வரிக்கு முன், பட்டியலில் ஐந்தாவதன் அளவு 16 ஜி.பி.தானா என்று நிதானமாகப் பாருங்கள். கடைசி வரி மறுபடி கேட்காமலே அழித்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் ‘சி’ டிரைவை விரிக்கப் போனால், ‘Extend Volume’ என்ற வார்த்தை மங்கியே கிடக்கும். காலியான இடத்துக்கும் ‘சி’க்கும் நடுவே நான்காவது பார்ட்டிஷன் நிற்கிறது; ‘சி’ தன்னை ஒட்டிய இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். சிறியதை இடம் பெயர்த்து இதைச் சாதிக்கும் வழி உண்டெனினும், பதினாறு ஜி.பி.க்காக அந்தச் சிரமத்தை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். காலியிடத்தில் ‘New Simple Volume’ மூலம் ‘டி’ டிரைவ் ஒன்றை உண்டாக்கி, புகைப்படங்களையும் பாட்டுக்களையும் அங்கே மாற்றினால், ‘சி’யில் அதே அளவு இடம் விடுபடுகிறது. துவக்கத்தில் எஃப்11 விசையை அழுத்தினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் வசதி ஹெச்.பி. கணினிகளில் இனிக் கிடைக்காது என்பதையும், அந்த வேலை இனிமேல் பென் டிரைவினுடையது என்பதையும், அதன்மேல் மாடல் எண்ணோடு எழுதி ஒட்டிவையுங்கள்.